14% லீசிங்கா, 16% வங்கிக் கடனா?

கேள்வி: ஐயா, கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்குத் தினமும் வேலைக்குப் போகிறேன். சம்பளம் 62,000 ரூபாய். 700,000 ரூபாய்க்கு முதல் பைக் வாங்கப் போகிறேன். கையில் 250,000 இருக்கிறது. ஷோரூமில் 100,000 முற்பணம் போதும், 14% வட்டியில் லீசிங் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். வங்கியில் 16%, இரண்டு பிணையாளிகளும் வேண்டுமாம். ஷோரூம்தானே லாபம்?

பதில்: இல்லை தம்பி, வங்கிதான் லாபம். ஷோரூமில் இப்படிச் சொல்லும் 14% பெரும்பாலும் ஃபிளாட் ரேட். நீங்கள் மாதாமாதம் கடனைக் குறைத்துக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முதலில் வாங்கிய முழுத்தொகைக்கே வட்டி போடுவார்கள். வங்கியின் 16% மீதியிருக்கும் கடனுக்கு மட்டும்.

200,000 முற்பணம் கட்டி, 500,000 ரூபாயை 36 மாதத்துக்கு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஷோரூம் கணக்கில் வருடத்துக்கு 70,000 வட்டி, மூன்று வருடத்துக்கு 210,000. தவணை சுமார் 19,720 ரூபாய். வங்கிக் கணக்கில் தவணை சுமார் 17,580, மொத்த வட்டி ஏறத்தாழ 133,000. வித்தியாசம் 77,000 ரூபாய். அந்த 14 சதவீதத்தை வங்கி முறையில் கணக்கிட்டால் 24 சதவீதத்துக்கு மேல் வரும். அதனால் சதவீதத்தைக் கேட்காதீர்கள். தவணையை மாத எண்ணிக்கையால் பெருக்கி, ஆவணக் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

100,000 மட்டும் கட்டினால் ஷோரூம் தவணை சுமார் 23,670 ஆகிவிடும். 62,000 சம்பளத்தில் அது மிக அதிகம். அதற்காக 250,000ஐயும் கொட்டிவிடாதீர்கள். தலைக்கவசம், மழைக்கோட்டு, முதல் சர்வீஸ், ஒரு மாதத் தவணை எல்லாவற்றுக்குமாக 50,000 கையில் இருக்கட்டும்.

லீசிங்கில் தவணை முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். தவணை தவறினால் பைக்கைத் தூக்கிவிடுவார்கள். ஒவ்வொரு வருடமும் முழுக் காப்புறுதியும் எடுக்க வேண்டும். முதல் வருடக் கட்டணத்தைக் கடனோடு சேர்த்துவிடுவதால் பலருக்கு இரண்டாம் வருடம்தான் அது உறைக்கிறது. வங்கியில் தனிநபர் கடன் எடுத்தால் பைக் உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் மலை வளைவுகளில் மழையிலும் பனிமூட்டத்திலும் ஓடும் வண்டி, அப்போதும் முழுக் காப்புறுதியே எடுங்கள்.

பிணையாளிதான் நம் பக்கத்தில் பெரிய சிக்கல். தோட்டத்தில் நாட்சம்பளம் வாங்கும் அப்பாவையோ அண்ணனையோ வங்கி ஏற்பது கடினம். நிரந்தர வேலையில் இருக்கும் ஆசிரியர், தபால் ஊழியர் போன்ற உறவினர் இருந்தால் சம்பளச் சீட்டோடு அழைத்துப் போங்கள். நீங்கள் கட்டத் தவறினால் அவர்கள்தான் கட்ட வேண்டிவரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

யாரும் கிடைக்காவிட்டால் சரி, லீசிங்கே எடுங்கள், ஆனால் 200,000 கட்டி. முற்பணத்தில் கூட்டும் ஒவ்வொரு 50,000க்கும் அந்த ஃபிளாட் கணக்கில் 21,000 வட்டி மிச்சம். கையெழுத்துக்கு முன், 12 மாதம் கட்டியபின் கடனை ஒரேயடியாக முடிக்க எவ்வளவு கேட்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். மீதி வட்டியில் கழிவே தராத இடமென்றால் வேறு நிறுவனம் பாருங்கள்.