தூணுக்கு நடுவே கார்: அளவுக் கேள்விகள்

கே: குடியிருப்பின் வரைபடத்தில் ஒரு கார் நிறுத்தும் இடத்துக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்று இருக்கிறது. இது போதுமா?

போதும், ஆனால் அந்த 2.5 எங்கிருந்து எங்கே அளந்தது என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் தூண்களின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்திருப்பார்கள். இரண்டு தூண்களின் மையங்களுக்கு இடையே 5 மீட்டர், நடுவில் இரண்டு கார்கள் என்று வைத்துக்கொள்வோம். தூண் 30 செ.மீ., இரு பக்கமும் பூச்சு 2 செ.மீ. என்றால் நிஜ இடைவெளி 4.66 மீட்டர்தான். கண்ணாடிகளைச் சேர்க்காமல் ஒவ்வொரு காரும் 1.8 மீட்டர் அகலம் என்றாலே 3.6 போய்விடும். மிச்சம் 1.06 மீட்டர். அதை மூன்று சந்துகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 35 செ.மீ. ஆள் கதவைத் திறந்து இறங்க ஏறத்தாழ 60 செ.மீ. வேண்டும்.

ஆகவே பூச்சு முடிந்த பின் இரண்டு கார்களுக்கு 5 மீட்டர் உள்ளளவு கிடைக்கும்படி தூணை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு பக்கம் முழுச் சுவர் வந்தால் அந்த இடத்துக்கு இன்னும் 30 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

கே: தூணைத் தவிர்க்கவே முடியாது. எங்கே வைத்தால் தொந்தரவு குறையும்?

பாதையோர விளிம்பில் மட்டும் வேண்டாம். கார் வளைந்து நுழையும்போது பக்கவாட்டில் உரசுவது அந்த மூலையில்தான். விளிம்பிலிருந்து முக்கால் மீட்டர் உள்ளே தள்ளினால், ரிவர்ஸில் நிறுத்திய காரின் முன்கதவுக்கு முன்பாகவே தூண் முடிந்துவிடும், கதவு தட்டாது. கட்டிய வீட்டைப் பார்க்கப் போனால் அந்தத் தூண்களின் முழங்கால் உயரத்தைக் கவனியுங்கள். பெயின்ட் கீறல் இருந்தால், இடம் பற்றவில்லை என்று பொருள்.

கே: வண்டி திரும்ப நடுப்பாதை 4.5 மீட்டர்தான் கிடைக்கிறது. சாய்வாக நிறுத்தலாமா?

நேர்க்குத்தாக நிறுத்த 6 மீட்டர் பாதை வேண்டும். 60 பாகையில் சாய்த்தால் 4.5 மீட்டரில் சமாளிக்கலாம். ஆனால் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேற வேண்டும். சிறிய குடியிருப்பில் பெரும்பாலும் ஒரே கேட் என்பதால் சாய்வு உதவாது. வெளியே வர முழுப் பாதையும் பின்னோக்கி ஓட்ட வேண்டியிருக்கும்.

அதற்குப் பதிலாக ஒரு காரைக் குறைத்து, இடங்களை 3 மீட்டர் அகலமாக்குவதுதான் என் யோசனை. அகலம் கூடினால் குறைந்த வளைவில் உள்ளே போகலாம், 5 முதல் 5.5 மீட்டர் பாதையே போதும். 4.5 என்றால் சிறிய காரும் இரண்டு மூன்று முறை முன்பின் போய்த்தான் நுழையும். ரிவர்ஸில் நிறுத்திப் பழகுங்கள், திரும்பும் சக்கரம் பாதைப் பக்கம் இருப்பதால் இடம் குறைவாகவே பிடிக்கும்.

கே: பாதை சுவரில் முட்டி முடிகிறது. கடைசி இடம் எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

கடைசி இடத்தைத் தாண்டி பாதை இன்னும் 1 மீட்டர் நீள வேண்டும். இல்லையென்றால் காரைத் திருப்பும்போது சுவரில் இடிக்கும். கையெழுத்திடும் முன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, உங்கள் காரையே கொண்டுவந்து ஒருமுறை நிறுத்தி எடுத்துப் பாருங்கள்.