கேள்வி-பதில்: செலவு விகிதத்தை அடுத்தவரோடு ஒப்பிடும்போது

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. தங்களைப் போன்ற இன்னொரு நிறுவனத்தின் மூலப்பொருள், கூலி, வாடகை, தேய்மானம் போன்ற மேற்செலவு ஆகியவற்றின் விகிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எங்கே கோட்டை விடுகிறோம்?" என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாக் கணக்கையும் விற்பனை 100 என்று வைத்தே சொல்கிறேன். பின்னங்களைப் பெரும்பாலும் முழுசாக்கியிருக்கிறேன்.

எங்கள் மேற்செலவு அதிகம் என்று நினைக்கிறேன். எப்படிக் குறைப்பது?

எதைவிட அதிகம்? யாரோடு ஒப்பிட்டீர்கள்? கடிதத்தில் ஒரு எண்கூட இல்லை. உங்கள் விகிதம், அவர்கள் விகிதம், மேற்செலவில் நீங்கள் எதையெல்லாம் சேர்க்கிறீர்கள் என்ற பட்டியல், இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பிறகு பேசலாம்.

நாங்கள் இரும்புத் தகட்டில் அலமாரி செய்கிறோம். எங்களுக்கு மூலப்பொருள் 58, கூலி 14, மேற்செலவு 20. அதே தொழில் செய்யும் இன்னொருவருக்கு மூலப்பொருள் 64, கூலி 8, மேற்செலவு 17. மூலப்பொருளில் நாங்கள் நன்றாக இருக்கிறோம், கூலியில்தான் ஓட்டை. 6 பேரைக் குறைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். சரிதானே?

சரியில்லை. தயவுசெய்து அந்த 6 பேருக்கும் இன்னும் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

நான் வருடக்கணக்காகச் சொல்லிவரும் ஒன்று உண்டு: விகிதத்தை ஒப்பிடும் முன், எந்தச் செலவு எந்தத் தலைப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் தகடு வளைப்பதையும் பவுடர் கோட்டிங்கையும் வெளியில் ஜாப் வொர்க்காகக் கொடுக்கிறார்கள், அந்த பில் விற்பனையில் சுமார் 10 வரும், அதைக் கொள்முதலோடு சேர்த்து எழுதுகிறார்கள் என்று. முதல் வரியில் வந்திருக்க வேண்டிய செய்தி அது.

இப்போது கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். அவர்களுடைய 64-ல் 10 ஜாப் வொர்க். ஆக, உண்மையான மூலப்பொருள் 54. அந்த 10-க்குள் ஜாப் வொர்க் செய்பவரின் கூலி, மின்சாரம், வாடகை, லாபம் எல்லாம் கலந்திருக்கின்றன. அதைக் கூலி இவ்வளவு, மேற்செலவு இவ்வளவு என்று பிரிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. அதனால் பிரிக்க முயலாமல் கூலி, மேற்செலவு, ஜாப் வொர்க் மூன்றையும் கூட்டி, பொருளை உருமாற்றும் செலவு என்று ஒரே எண்ணாக ஆக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு 14-ம் 20-ம் சேர்ந்து 34. அவர்களுக்கு 8, 17, 10 சேர்ந்து 35. அதாவது, நீங்கள் ஓட்டை என்று நினைத்த இடத்தில் அவர்களைவிட 1 குறைவாகவே செலவு செய்கிறீர்கள். நன்றாக இருக்கிறோம் என்று நினைத்த மூலப்பொருளில் 58-க்கு 54, அதாவது 4 அதிகம். மொத்தச் செலவில் உங்களுக்கு 92, அவர்களுக்கு 89. அந்த 3 வித்தியாசம் முழுவதும் தகட்டிலிருந்து வருகிறது. வளைக்கவும் பெயின்ட் அடிக்கவும் ஆள் வைத்திருப்பதால் வரவில்லை. ஆட்களைக் குறைத்திருந்தால் அந்த வேலை வெளியே போயிருக்கும், பில் கொள்முதலில் ஏறியிருக்கும், கூலி விகிதம் மட்டும் அழகாக 8-க்கு இறங்கியிருக்கும். லாபம் அப்படியே இருந்திருக்கும், அல்லது குறைந்திருக்கும்.

அப்புறம் அந்த 4 எங்கே போகிறது? வாங்கும் விலையிலா, வீணாகும் அளவிலா? இதற்கு விகிதம் பதில் சொல்லாது, எடைதான் சொல்லும். முடிந்த அலமாரி 100 கிலோவுக்கு நீங்கள் 118 கிலோ தகடு எடுக்கிறீர்கள், அவர்கள் 112 என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய 54-ஐ 118 ஆல் பெருக்கி 112 ஆல் வகுத்தால் சுமார் 57. ஆகவே 4-ல் ஏறக்குறைய 3 வீணாகும் தகடு. ஸ்கிராப் விற்று வருவதைக் கழித்தால் இரண்டரை என்று வையுங்கள். மீதிதான் வாங்கும் விலை. நீங்கள் தகடு விற்பவரோடு மாதாமாதம் பேரம் பேசுவதில் செலவிடும் நேரத்தை வெட்டும் மேசைப் பக்கம் திருப்ப வேண்டும்.

வெட்டும் மேசையில் என்ன பார்ப்பது? நான் பார்த்த ஒரு பட்டறையில் பக்கப் பலகை 650-க்கு 1200 மில்லிமீட்டர், தகடு 1250-க்கு 2500. எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒரு தகட்டில் 3 பலகைதான் கிடைக்கும், கால்வாசித் தகடு துண்டாக மிஞ்சும். பலகையின் அகலத்தை 620 ஆக்கியதும் அதே தகட்டில் 4 வந்தது. வெட்டும் இழப்புக்கும் 20 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. அலமாரி 3 சென்டிமீட்டர் ஒடுங்கியதை வாங்கியவர் யாரும் குறை சொல்லவில்லை. உங்கள் துண்டுக் குவியலில் ஒரே அகலத்தில் நீளமான பட்டைகள் திரும்பத் திரும்பக் கிடந்தால் காரணம் வரைபடத்தில் இருக்கிறது. கோணல்மாணலாக, வளைத்தபின் தூக்கிப்போட்ட துண்டுகள் அதிகம் கிடந்தால் வேலையில் இருக்கிறது. ஒரு வாரக் குவியலை இந்த இரண்டாகப் பிரித்து எடை போடுங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

மூன்று விகிதமுமே எங்களுக்கு அதிகம். மூலப்பொருள் 57-க்கு 54, கூலி 10.5-க்கு 10, மேற்செலவு 26-க்கு 25. எதைத் தொடுவது?

மூன்றும் ஏறக்குறைய ஒரே வீதத்தில், சுமார் 5 சதவீதம் ஏறியிருக்கின்றன. மூன்று இடத்திலும் ஒரே அளவு கெட்டிக்காரத்தனம் குறைவது அபூர்வம். முதலில் விற்பனை விலையைப் பாருங்கள். அவர்களைவிட நீங்கள் 5 சதவீதம் மலிவாக விற்றாலோ தள்ளுபடி கொடுத்தாலோ, ஒரு செலவும் கூடாமலே எல்லா விகிதமும் இப்படித்தான் ஏறும். உங்கள் பொருளை அவர்கள் விலையில் விற்றதாக வைத்து விகிதங்களை மறுபடி போடுங்கள். வித்தியாசம் மறைந்துவிட்டால் பேச வேண்டியது விற்பனைப் பிரிவிடம்.

கூலி விகிதம் இருவருக்கும் 12. அப்படியானால் கூலியில் கவலை இல்லை அல்லவா?

ஆள் ஒன்றுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று எழுதியிருப்பதால் பதில் சொல்ல முடிகிறது. அவர்கள் கொடுப்பதில் ஐந்தில் நாலு பங்குதான் நீங்கள் கொடுக்கிறீர்கள். அப்படியும் விகிதம் சமம் என்றால், உங்கள் ஆள் ஒருவர் செய்து முடிக்கும் வேலையும் ஐந்தில் நாலு பங்குதான். அவர்கள் 40 பேரை வைத்துச் செய்வதற்கு உங்களுக்கு 50 பேர் தேவைப்படுகிறது. குறைந்த சம்பளம் அந்த இழப்பை மூடிவைத்திருக்கிறது. சம்பளம் ஏறும் வருடத்தில் வெளியே தெரியும்.

அதற்காக ஆட்கள் சோம்பேறிகள் என்று முடிவு கட்டாதீர்கள். ஏதாவது ஒரு இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு தாளை மாட்டி, ஓடிய நேரம், அச்சு மாற்றிய நேரம், பொருளுக்காகக் காத்திருந்த நேரம், திரும்பச் செய்த நேரம் என்று நாலு கட்டத்தில் இரண்டு வாரம் குறிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் காத்திருந்த நேரத்தில்தான் ஆச்சரியம் இருக்கும், அது நிர்வாகத்தின் தவறு. இங்கேயும் என் பழைய பல்லவிதான்: ஒப்பந்தத் தொழிலாளர்களின் பில்லை இருவரும் ஒரே தலைப்பில் எழுதுகிறீர்களா என்று பார்த்துவிட்டு இதை நம்புங்கள்.

எங்கள் மேற்செலவு 22, அவர்களுக்கு 15. அலுவலகச் செலவையெல்லாம் குறைத்துப் பார்த்தும் 22-லேயே நிற்கிறது.

நீங்கள் இயந்திரத் திறனில் 60 சதவீதம் ஓட்டுகிறீர்கள், அவர்கள் 90 என்று எழுதியிருக்கிறீர்கள். வாடகை, தேய்மானம், மேற்பார்வையாளர் சம்பளம் போன்றவை ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றுதான். அவர்களுடைய 15 முழுவதும் இப்படிப்பட்ட நிலையான செலவு என்றால், அவர்கள் 60-ல் ஓட்டினால் அது 22-ஐத் தாண்டும். ஆகவே பேனா, காகிதத்தில் மிச்சம் பிடிப்பதை விடுங்கள். காலியாக இருக்கும் நேரத்துக்கு ஆர்டர் பிடிப்பது, முடியாவிட்டால் இயந்திரத்தையோ இடத்தையோ குறைப்பது, இரண்டில் ஒன்றுதான் இந்த எண்ணை இறக்கும். திறன் என்று சொல்லும்போது இருவரும் ஒரே ஷிஃப்ட் கணக்கைச் சொல்கிறீர்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்குச் சொந்தக் கட்டடம், அவர்களுக்கு வாடகை. எப்படிச் சமன் செய்வது?

உங்கள் கட்டடத்தை வெளியாருக்கு விட்டால் என்ன வாடகை வருமோ அதை ஒப்பீட்டுத் தாளில் மட்டும் செலவாகச் சேருங்கள், கட்டடத் தேய்மானத்தை எடுத்துவிடுங்கள். முதலாளி சம்பளம் எடுக்காமல் வேலை செய்தால் அதற்கும் ஒரு நியாயமான தொகை போடுங்கள். பழைய இயந்திரம் வைத்திருப்பவருக்குத் தேய்மானம் குறைவாகவும் பழுதுபார்ப்பு அதிகமாகவும் இருக்கும். அதனால் இந்த இரண்டையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்த நிறுவனம் ஏன் தன் எண்களை நமக்குத் தரப்போகிறது?

சும்மா தராது. நீங்களும் தந்தால் தரும். இதற்கென்றே பிரிட்டனில் 1959-ல் ஒரு மையம் தொடங்கினார்கள். உறுப்பினர்கள் தங்கள் கணக்கை மையத்துக்குத் தருவார்கள், மையம் பெயரை மறைத்து விகிதங்களை மட்டும் எல்லோருக்கும் திருப்பித் தரும். அந்த மாதிரியே இன்றும் நல்ல வழி. இருவருக்கும் பொதுவான ஒரு கணக்காளரிடம் கொடுத்து, தலைப்புகளை அவரே ஒரே மாதிரி அடுக்கட்டும். முடிந்துபோன வருடத்தின் விகிதங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இனி வைக்கப்போகும் விலையைப் போட்டியாளரோடு பேசுவது பல நாடுகளில் சட்டவிரோதம்.

ஒரு வருட எண் போதுமா?

போதாது, 3 வருடம் எடுங்கள். கையிருப்பு பெருத்த வருடத்தில் உற்பத்திச் செலவை விற்பனையால் வகுக்காமல், உற்பத்தி மதிப்பால் வகுங்கள்.

ஸ்கிராப் விற்ற பணத்தை நாங்கள் இதர வருமானத்தில் காட்டுகிறோம். அது பரவாயில்லையா?

உங்கள் கணக்குப் புத்தகத்தில் எப்படியும் இருக்கட்டும். ஒப்பீட்டுத் தாளில் அதை மூலப்பொருளிலிருந்து கழியுங்கள். அவர்களும் கழித்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு.