பல வினைச் செயல் தொகுதிகள் இருக்கும்போது பெயரை எதில் முடிப்பது?

கேள்வி: "ஒரே சேர்மத்தில் OH, C=O, COOH மூன்றும் வந்தால் எதை வைத்துப் பெயரை முடிப்பது என்று தெரியாமல் 'ஆல்', 'ஓன்' எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். CN இருந்தால் அதன் கார்பனைச் சங்கிலியில் எண்ண வேண்டுமா, கூடாதா என்பதிலும் குழப்பம்."

பதில்: பின்னொட்டாக வருவது ஒரே ஒரு வகைத் தொகுதிதான். அது இரண்டு இடத்தில் இருந்தால் டையால், டையோன் என்று வரலாம். ஆனால் 'ஆல்' என்பதும் 'ஓன்' என்பதும் ஒரே பெயரின் முடிவில் சேர்ந்து நின்றால் அந்தப் பெயர் தவறு. தேர்வு பெறாத மற்ற தொகுதிகள் எல்லாம் முன்னொட்டாக முன்னே போய்விடும்.

எதைத் தேர்வது என்பதற்கு ஐயுபிஏசி ஒரு முன்னுரிமை வரிசை வைத்திருக்கிறது. நீங்கள் அடிக்கடி சந்திப்பவை இறங்குவரிசையில் இப்படி வரும்: கார்பாக்சிலிக் அமிலம், எஸ்டர், அமில குளோரைடு, அமைடு, நைட்ரைல், ஆல்டிஹைடு, கீட்டோன், ஆல்கஹால், அமீன். இதை உருப்போட வேண்டியதில்லை. தொகுதியின் கார்பனிலிருந்து ஆக்சிஜன், நைட்ரஜன் போன்ற அணுக்களுக்கு எத்தனை பிணைப்புகள் போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அமிலம் முதல் நைட்ரைல் வரை மூன்று, ஆல்டிஹைடுக்கும் கீட்டோனுக்கும் இரண்டு, ஆல்கஹாலுக்கும் அமீனுக்கும் ஒன்று. எண்ணிக்கை சமமானால் நைட்ரஜன் தொகுதி பின்னால் நிற்கும். அதனால்தான் H2N–CH2–CH2–OH என்பது 2-அமினோஎத்தனால்.

இந்தக் கணக்கு ஓர் இடத்தில் கைவிடும். குளோரோ, புரோமோ, நைட்ரோ, ஈதரின் ஆல்காக்சி ஆகியவை இந்த முறையில் எப்போதுமே முன்னொட்டுதான். ஒரு கார்பனில் மூன்று குளோரின் இருந்தாலும் அது பக்கத்திலுள்ள OH-ஐ முந்தாது.

சரி, உங்கள் மூன்று தொகுதிகளும் உள்ள ஒரு சேர்மத்துக்கே பெயரிடுவோம்.

CH3–CO–CH2–CH(OH)–CH2–COOH

மூன்றில் அமிலம்தான் மேலே இருக்கிறது. ஆகவே முடிவு '-ஆயிக் அமிலம்'. அமிலக் கார்பன் சங்கிலியின் நுனியில் இருப்பதால் அதுவே 1. அங்கிருந்து எண்ணினால் OH மூன்றாம் கார்பனில், C=O ஐந்தாம் கார்பனில், மொத்தம் ஆறு கார்பன். OH-ஐ ஹைட்ராக்சி என்றும், சங்கிலிக்குள் இருக்கும் =O-வை ஆக்சோ என்றும் எழுதுகிறோம்: 3-ஹைட்ராக்சி-5-ஆக்சோஹெக்சனாயிக் அமிலம். முன்னொட்டுகளுக்குள் எது முன்னே என்பதை ஆங்கில எழுத்து வரிசைதான் தீர்மானிக்கும், முன்னுரிமை வரிசைக்கு அங்கே வேலை இல்லை. h முந்தி, o பிந்தி. தமிழ் அகர வரிசையைப் பார்த்து ஆக்சோவை முன்னால் போட்டுவிடாதீர்கள்.

அடுத்து CN. அது முதன்மைத் தொகுதியா இல்லையா என்பதைப் பொறுத்து விடை மாறும். HO–CH2–CH2–CN-இல் நைட்ரைல் ஆல்கஹாலுக்கு மேலே. அதனால் அதன் கார்பன் சங்கிலியில் சேரும், எண் 1 அதற்கே, பெயர் 3-ஹைட்ராக்சிபுரோப்பேன்நைட்ரைல். ஆனால் NC–CH2–CH2–COOH-இல் அமிலம் அதை முந்திவிடுகிறது. அப்போது CN முழுவதும் சயனோ என்ற முன்னொட்டுக்குள் போய்விடும், அதன் கார்பனும் சங்கிலியை விட்டு வெளியேறிவிடும். மிஞ்சுவது மூன்று கார்பன்: 3-சயனோபுரோப்பனாயிக் அமிலம். இங்கே பலரும் நான்கு கார்பன் என்று எண்ணி 'பியூட்டனாயிக்' எழுதுகிறார்கள். பெயரிலிருந்து கட்டமைப்பைத் திரும்ப வரைந்து பாருங்கள், ஒரு கார்பன் கூடியிருப்பது உடனே தெரிந்துவிடும்.

ஆல்டிஹைடு இப்படி நடந்துகொள்வதில்லை. OHC–CH2–CH2–COOH-இல் CHO சங்கிலியின் மறுமுனையாகவே நிற்பதால், அதன் கார்பனையும் எண்ணி =O-வை மட்டும் ஆக்சோ என்கிறோம்: 4-ஆக்சோபியூட்டனாயிக் அமிலம். அதே CHO பக்கக் கிளையாகத் தொங்கினால்தான் ஃபார்மைல் என்ற முன்னொட்டு வரும். CH3–CH2–CH(CHO)–CH2–COOH என்பது 3-ஃபார்மைல்பென்டனாயிக் அமிலம். CHO வழியாகப் போனால் நான்கு கார்பன்தான், எத்தில் வழியாகப் போனால் ஐந்து. நீளமான சங்கிலியைத்தான் எடுக்கிறோம்.

அப்புறம், இரட்டைப் பிணைப்பு. 'ஈன்' பின்னொட்டுக்கு முன்னால் தாராளமாக நிற்கலாம், அது இந்தப் போட்டியிலேயே இல்லை. ஆனால் எண்ணிடும்போது சிறிய எண் முதன்மைத் தொகுதிக்குத்தான். CH2=CH–CH2–CH(OH)–CH3-ஐ இரட்டைப் பிணைப்பின் பக்கமிருந்து எண்ணினால் OH-க்கு 4 வரும், மறுபக்கமிருந்து எண்ணினால் 2. ஆகவே இது பென்ட்-4-ஈன்-2-ஆல்.