காண்டாக்டர் பாயிண்டைத் தேய்த்தால் போதுமா?

கேள்வி: எங்கள் கடை மொட்டை மாடியில் இருக்கும் 5.5 டன் டக்டபிள் ஏசியின் அவுட்டோரில் முதலில் ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் வந்தது. இப்போது டகடகவென்று அடிக்கிறது, ஃபேன் ஓடுகிறது, கம்ப்ரஸர் உறுமுவதோடு நின்றுவிடுகிறது. காண்டாக்டர் பாயிண்ட் குழி விழுந்துவிட்டது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். தேய்த்தால் போதுமா?

போதாது. தேய்க்கவும் வேண்டாம், கம்ப்ரஸருக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் அந்தக் காண்டாக்டரையே மாற்றுங்கள். ஆனால் அந்த டகடக சத்தம் எதனால் வருகிறது என்று பார்க்காமல் மாற்றினால், புதிய காண்டாக்டரும் சீக்கிரமே குழி விழுந்து நிற்கும். குழி விழுந்ததால் டகடக வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்த வேலைகளில் பெரும்பாலும் டகடகதான் முதலில் வந்தது, குழி அதன் பின்னால்.

நீங்கள் சொல்லும் மூன்று சத்தமும் ஒரே பெட்டிக்குள்ளிருந்து வந்தாலும் மூன்றும் வேறு. ரீங்காரம் காண்டாக்டரின் காந்தத்திலிருந்து வருவது. நம் கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொட்டுத் திரும்பும். அந்த நேரத்தில் காந்தம் விட்டுவிடாமல் இருக்க, அதன் முகத்தில் ஒரு சின்னச் செம்பு வளையம் பதித்திருப்பார்கள். அந்த வளையம் உடைந்தாலோ, இரண்டு காந்த முகங்களுக்கு நடுவில் துருவோ செத்த எறும்போ சிக்கினாலோ முகம் சரியாகப் படியாமல் ரீங்காரம் போடும். மாடியில் இருக்கும் அவுட்டோரில் பல்லி செத்துக் கிடப்பதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். டகடக என்பது அந்தக் காந்தத்தை இழுக்க வைக்கும் காயிலுக்கு வரும் கரண்டே விட்டு விட்டு வருவது, அல்லது இழுத்துப் பிடிக்கப் போதாமல் வருவது. உறுமல் கம்ப்ரஸருடையது. மூன்று ஃபேஸில் ஒன்று போய்ச் சேரவில்லை என்றால் அது சுற்ற முடியாமல் அப்படித்தான் உறுமும்.

ஒரு வேலையைச் சொல்கிறேன், உங்களுடையதும் ஏறக்குறைய அதுவாகத்தான் இருக்கும். போன கத்திரி வெயிலில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். அங்கேயும் 5.5 டன், த்ரீ ஃபேஸ், ஸ்க்ரோல் கம்ப்ரஸர். மண்டப மேனேஜர் போனில், "அண்ணே, கம்ப்ரஸர் போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க, நாளைக்கழிச்சு முகூர்த்தம்" என்றார். முந்தின நாள் வந்தவர் கம்ப்ரஸர் டெர்மினலில் மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார். மூன்று ஜோடியிலும் ஓப்பன். அதனால் வைண்டிங் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில்தான் நல்ல கம்ப்ரஸர்கள் பழைய இரும்புக்கடைக்குப் போகின்றன. இந்த அளவு ஸ்க்ரோல்கள் பலவற்றில் உள்ளே மூன்று வைண்டிங்கும் சேரும் இடத்திலேயே ஒரு ஓவர்லோட் வைத்திருப்பார்கள். சூடானால் அது மூன்றையும் ஒரே நேரத்தில் பிரித்துவிடும். அப்போது மீட்டரில் எந்த ஜோடியும் காட்டாது. ஒரு ஃபேஸ் இல்லாமல் நாலைந்து முறை உறுமிய கம்ப்ரஸர் நன்றாகச் சூடாகியிருக்கும். அது ஆற ஒரு மணி நேரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். மேல்மூடியில் கை வைக்க முடியாத சூடு இருந்தால் எந்த முடிவும் எடுக்காதீர்கள். நான் போனபோது ராத்திரி முழுக்க ஆறியிருந்தது. மூன்று ஜோடியும் இரண்டரை ஓம் அளவில் சமமாகக் காட்டின. மெக்கர் போட்டதில் பாடிக்கும் கசிவு இல்லை. கம்ப்ரஸர் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் டகடகவைப் பிடிக்க வேண்டும். மெயினை இறக்கி, கரண்ட் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்துவிட்டு, காண்டாக்டரிலிருந்து கம்ப்ரஸருக்குப் போகும் மூன்று வயரையும் கழற்றி, நுனிகளுக்கு டேப் சுற்றி ஒதுக்கினேன். பிறகு மெயினைப் போட்டு ஏசியை ஆன் செய்யச் சொன்னேன். இப்போது காண்டாக்டருக்கு இழுப்பது மட்டும்தான் வேலை. கம்ப்ரஸர் இல்லாதபோது சுத்தமாக இழுத்து நின்றால், கம்ப்ரஸர் கிளம்பும்போது மெயின் வோல்டேஜ் விழுகிறது என்று அர்த்தம். கேபிள், கட்-அவுட், மெயின் ஸ்விட்ச் பக்கம் தேட வேண்டும். கம்ப்ரஸர் இல்லாமலும் அடித்தால் கோளாறு கன்ட்ரோல் வயரிங்கில். மண்டபத்தில் கம்ப்ரஸர் இல்லாமலும் டகடகவென்று அடித்தது. பாதித் தேடல் அதிலேயே முடிந்தது.

காயில் 230 வோல்ட். அதன் இரு முனைகளான ஏ1, ஏ2 இரண்டிலும் மீட்டர் வைத்தால் முள் நிலையில்லாமல் 140க்கும் 190க்கும் நடுவில் ஆடியது. காண்டாக்டருக்கான சர்வதேசத் தரப்படி, காயிலின் வோல்டேஜில் 85 சதவீதம் இருந்தாலே அது இழுத்துவிட வேண்டும். 230க்கு அது ஏறத்தாழ 195. அதற்குக் கீழே போனால் இழுக்கும் என்று உறுதி கிடையாது. மெயினில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 228 இருந்தது. அப்படியானால் மீதி வோல்டேஜ் வழியில் எங்கோ தங்குகிறது.

இதைக் கண்டுபிடிக்க எதையும் கழற்ற வேண்டாம். காயிலுக்குப் போகும் பாதையில் ஹை பிரஷர் ஸ்விட்ச், லோ பிரஷர் ஸ்விட்ச், ஓவர்லோட் ரிலேயின் 95-96 முனைகள் எல்லாம் வரிசையாக இருக்கும். மீட்டரின் இரண்டு முனையையும் ஒவ்வொன்றின் இரண்டு பக்கத்திலும் வைத்துப் பாருங்கள். மூடியிருக்கும் நல்ல ஸ்விட்ச்சில் பூஜ்ஜியம்தான் காட்டும். எது வோல்டேஜ் காட்டுகிறதோ அதுதான் குற்றவாளி. ஹை பிரஷரில் பூஜ்ஜியம், லோ பிரஷரில் பூஜ்ஜியம், 95-96இலும் பூஜ்ஜியம். நியூட்ரல் ஸ்ட்ரிப்புக்கும் ஏ2வுக்கும் வைத்தபோது 90 வோல்ட் வரை காட்டியது. ஸ்ட்ரிப்பில் ஏ2 வயரின் நுனியில் அடித்திருந்த லக் கருகி, திருகு கையாலேயே சுற்றும் நிலையில் இருந்தது.

லக் லூஸ் என்றால் காயில் சும்மா இருந்துவிட வேண்டியதுதானே, ஏன் அடிக்கிறது என்று கேட்கலாம். காந்தம் திறந்திருக்கும்போது காயில் எடுக்கும் கரண்ட், மூடிய பிறகு எடுப்பதைவிடப் பல மடங்கு. அந்தக் கணத்தில்தான் கருகிய லக்கால் கரண்டைத் தர முடியவில்லை. காண்டாக்டர் பாதி இழுக்கிறது, அந்த அதிர்ச்சியில் லக் ஆடுகிறது, காயில் விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கம்ப்ரஸர் கிளம்பும் கரண்ட் பாயிண்டில் பாய்கிறது. 10 ஆம்பியர் அளவில் ஓடும் கம்ப்ரஸர் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு எடுக்கும். நாள் முழுவதற்கும் இருபது முப்பது முறை சேர வேண்டிய பாயிண்ட், சில நொடிகளிலேயே அத்தனை முறை தீப்பொறியோடு சேர்ந்து பிரிகிறது. குழி அப்படித்தான் விழுகிறது.

வயரின் கருகிய பகுதியை வெட்டி, புதிய லக் அடித்து இறுக்கினேன். காயிலில் 225 வந்தது. காண்டாக்டர் ஒரே "டக்"கில் இழுத்து அமைதியாக நின்றது. ஆனால் மெயினை இறக்கி கம்ப்ரஸர் வயரை மாட்டிவிட்டு ஓட்டினால், உறுமல் அப்படியே இருந்தது. இது பாயிண்டின் வேலை. இழுத்து நிற்கும் காண்டாக்டரில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் மேல் திருகிலிருந்து கீழ் திருகுக்கு மீட்டர் வைத்தேன். ஆர், பி இரண்டிலும் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். ஒய்யில் 350 வோல்ட். கம்ப்ரஸர் சுற்றாமல் உறுமும்போது, விட்டுப்போன ஃபேஸின் கீழ் திருகு மற்ற இரண்டு ஃபேஸுக்கும் நடுப்புள்ளியில் தொங்கும். 415 சப்ளையில் அதனால் சுமார் 360 காட்டும், சப்ளை கொஞ்சம் இறங்கினால் அதற்குத் தக்கபடி குறையும். இந்த அளவை ஐந்தே நொடியில் எடுத்துவிட்டு ஆஃப் செய்ய வேண்டும். உறுமவிட்டுக்கொண்டே படிக்கக் கூடாது.

ஃபேன் ஓடுவதைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். அந்த யூனிட்டில் ஃபேனுக்கு ஆர் ஃபேஸும் நியூட்ரலும் மட்டும்தான் போகின்றன, ஒய் செத்தாலும் அது சுற்றும். ஃபேஸ் விட்டுப்போனால் நிறுத்த வேண்டிய ஃபேஸ் பிரிவென்டரில் பச்சை விளக்கு எரிந்தாலும் அப்படித்தான். அது காண்டாக்டருக்கு முன்னால் இருப்பதால், பாயிண்டில் விட்டுப்போகும் ஃபேஸ் அதற்குத் தெரியவே தெரியாது.

இப்போது உப்புத்தாளுக்கு வருகிறேன். பாயிண்டின் மேல் இருப்பது வெள்ளிக் கலவை, அதுவும் மெல்லியதாக. மேலே படியும் கருப்பும் இலேசான சொரசொரப்பும் எல்லாக் காண்டாக்டரிலும் வரும், அதனால் கெடுதல் இல்லை. கருப்பைப் பார்த்து மாற்ற வேண்டாம். ஓடும்போது மேலும் கீழும் வைத்து எடுக்கும் வோல்டேஜ் மூன்றிலும் ஒரே மாதிரி, மிகச் சின்னதாக இருந்தால் விட்டுவிடலாம். ஒன்று மட்டும் அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று தனியாக நின்றால் அது சூடாகிக்கொண்டிருக்கிறது, மாற்ற வேண்டும். உங்களுடையது போல ஒரு ஃபேஸ் போய்ச் சேராத அளவுக்குக் குழி விழுந்த பிறகு, தேய்த்தால் மிச்சமிருக்கும் வெள்ளியும் போய்விடும். உப்புத்தாளின் துகள் பாயிண்டில் பதியும், முகமும் கோணலாகும். ஓரிரு வாரம் ஓடிவிட்டு அடுத்த முறை ஒட்டிக்கொண்டாலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஏசியை ஆஃப் செய்தாலும் கம்ப்ரஸர் நிற்காது.

ஸ்க்ரூடிரைவர் பிடியால் காண்டாக்டரை அமுக்கிக் கம்ப்ரஸரைக் கிளப்பும் பழக்கமும் உண்டு. பிரஷர் ஸ்விட்ச், ஓவர்லோட் எல்லாவற்றையும் தாண்டிப் போகும் வேலை அது, முகத்துக்கு நேராகத் தீப்பொறி வரும். உங்கள் மெக்கானிக் செய்தால் தடுத்துவிடுங்கள்.

மாற்றும்போது காயில் வோல்டேஜும் ஆம்பியரும் பழையதைப் போலவே இருக்கட்டும். ஆம்பியரை ஏசி-3 என்ற வரியில் பாருங்கள், அதுதான் மோட்டாருக்கானது. ஏசி-1 வரியில் பெரிய எண் போட்டிருக்கும், அதை நம்பி வாங்கினால் சின்னது வந்து சேரும். கழற்றுவதற்கு முன் வயர்களை போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு ஃபேஸ் இடம் மாறினால் ஸ்க்ரோல் தலைகீழாகச் சுற்றும். கரகரவென்று சத்தம் வரும், ஆம்பியர் குறைவாகக் காட்டும், கூலிங் வராது. அதைப் பார்த்தும் கம்ப்ரஸர் போச்சு என்று சொல்வார்கள். உடனே ஆஃப் செய்து ஏதாவது இரண்டு வயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

மண்டபத்தில் புதியதை மாட்டி ஓட்டியபோது டாங் டெஸ்டரில் மூன்று ஃபேஸும் 9.5க்கும் 9.8க்கும் நடுவில் நின்றன. முகூர்த்தத்தன்று மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டு, ஹால் குளுகுளுவென்று இருக்கிறது என்றார். நீங்கள் இன்று கம்ப்ரஸரை ஆறவிட்டு, நாளைக் காலை அந்த மூன்று ஜோடி ஓம் அளவை எடுத்துப் போடுங்கள். காயில் வோல்டேஜையும் சேர்த்துப் போட்டால் அடுத்து எங்கே தேடுவது என்று சொல்கிறேன்.