பன்னிரண்டு வாரம் எந்த நாளில் தொடங்குகிறது?

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. பிரேசிலிலிருந்து, காப்பிப் பழத்தின் தோலை நீக்கும் புது பல்பர் ஒன்று வாங்கப் போகிறோம். 12 வாரத்தில் மெஷின் ரெடி என்று கொட்டேஷனில் போட்டிருக்கிறார்கள். கப்பல் 40 நாள் என்கிறார் ஏஜென்ட். நவம்பர் முதல் தேதி பழம் அரைக்க வேண்டும். மே 15-இல் ஆர்டர் போட்டால் செப்டம்பர் நடுவிலேயே வந்துவிடும், ஒன்றரை மாதம் கையில் இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சரிதானா?

பதில்:

மே 15 போதாது. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் அந்த ஆர்டரில் பல்பர் ஓடத் தொடங்க நவம்பர் 22 ஆகிவிடும். மார்ச் கடைசி வாரத்துக்குள் ஆர்டர் போடுங்கள்.

கொட்டேஷனில் உள்ள 12 வாரம் நீங்கள் ஆர்டர் அனுப்பும் நாளில் தொடங்குவதில்லை. முன்பணம் அவர்கள் வங்கியில் ஏறி, வரைபடத்துக்கு நீங்கள் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் கணக்கு ஓடும். உங்கள் வங்கி வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கேட்கும் காகிதங்கள், இறக்குமதிக்கான ஐ.இ.சி. எண், வரைபடம் இரண்டு தடவை போய் வருவது, எல்லாம் சேர்த்து 18 நாள் வையுங்கள். வரைபடத்தை அவசரத்தில் தள்ளிவிடாதீர்கள். பிரேசிலில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50 ஹெர்ட்ஸ், 415 வோல்ட். அங்கே ஓடுகிற மோட்டாரை அப்படியே இங்கே மாட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், அரைப்பும் அதற்கேற்றபடி குறையும். மோட்டாரும் புல்லியும் நம் மின்சாரத்துக்கு ஏற்றவையா என்று ஒப்புதலுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மெஷின் பாதி முடிந்த பிறகு இது தெரியவந்தால் பல வாரம் போய்விடும்.

அப்புறம், மெஷின் ரெடி ஆவது வேறு, கப்பலில் ஏறுவது வேறு. ஃபேக்டரியில் ஓட்டிப் பார்க்க வேண்டும், பேக் செய்ய வேண்டும், துறைமுகத்துக்கு லாரியில் போக வேண்டும், கப்பலில் இடம் கிடைக்க வேண்டும். இதற்கு 14 நாள். ஏஜென்ட் சொன்ன 40 நாளிலும் ஒரு இடத்தில் பெட்டி இறங்கி, சென்னைக்கு வரும் வேறு கப்பலில் ஏற வேண்டியிருக்கும். இணைப்புக் கப்பல் பெரும்பாலும் வாரம் ஒன்றுதான். ஒன்றைத் தவறவிட்டால் ஏழு நாள் போச்சு, இரண்டைத் தவறவிட்டால் பதினான்கு.

சென்னையில் இறங்கி, சுங்கத்தில் விடுவித்து எடுக்கப் பத்து நாள் வையுங்கள். மலைக்கு ஏற்ற நான்கு நாள், பொருத்தி ஓட்டிப் பார்க்க மூன்று வாரம். 18, 84, 14, 40, 10, 4, 21. கூட்டினால் 191 நாள். நவம்பர் 1-இலிருந்து பின்னால் எண்ணினால் ஏப்ரல் 24 வருகிறது. இதில் ஒரு நாள்கூடத் தாமதம் சேர்க்கவில்லை.

தாமதத்துக்கு எவ்வளவு சேர்ப்பது? பலரும் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கூட்டி வைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் எந்தப் படியில் எவ்வளவு கரைந்தது என்றே தெரியாது. நான் செய்வது வேறு. ஃபேக்டரி 20 நாள் தாமதிக்கலாம், கப்பல் 14, சுங்கம் 10. மொத்தம் 44. ஆனால் மூன்றும் ஒரே தடவையில் உச்சத்துக்குப் போவது அரிது. ஒவ்வொன்றையும் வர்க்கம் செய்து கூட்டினால் 696, அதன் வர்க்கமூலம் சுமார் 26. நான்கு வாரமாக எடுத்துக்கொண்டு, முழுவதையும் கடைசியில் ஒரே மூட்டையாக வைக்கிறேன். அதனால்தான் ஏப்ரல் 24 மார்ச் 27 ஆகிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தாமதங்களுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். கப்பல் தாமதத்தால் பெட்டி ஐப்பசி அடைமழையில் வந்து சேர்ந்தால் மலைப்பாதையும் சேர்ந்து தாமதிக்கும், அப்போது 26 போதாது.

சுங்கத்தில் நடப்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. சுங்கத்துக்குத் தரும் இறக்குமதிப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு 30 நாள் முன்பிருந்தே தாக்கல் செய்யலாம். பொதுவாக, வரும் நாளுக்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் ஆகிவிட வேண்டும். தவறினால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், அதன் பிறகு தினம் 10,000 ரூபாய் கட்டணம். ஆகவே இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங் மூன்றின் நகலையும் கப்பல் கிளம்பிய வாரமே கஸ்டம்ஸ் புரோக்கரிடம் கொடுத்துவிடுங்கள். பெட்டி எண்ணிக்கையும் எடையும் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே ஒரு தடவை பாருங்கள். மெஷின் எந்த வரித் தலைப்பில் வரும், பி.ஐ.எஸ். தரச் சான்று கேட்பார்களா என்ற இரண்டையும் கேட்லாக்கைக் காட்டி, ஆர்டருக்கு முன்பே புரோக்கரிடம் கேட்டுவிடுங்கள்.

மரப்பெட்டியையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மரத்தில் பூச்சி வராமலிருக்கப் பதப்படுத்தி, கோதுமைக் கதிர் போன்ற ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை குத்தியிருக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் நான் வரவழைத்த ஒரு உலர்த்தியில் பெரிய பெட்டிகளில் முத்திரை இருந்தது, உள்ளே முட்டுக் கொடுத்த கட்டைகளில் இல்லை. பன்னிரண்டு நாள் துறைமுகத்திலேயே நின்றது. தாமதக் கட்டணத்தைக் கட்டிய பிறகுதான் வெளியே வந்தது. அன்றிலிருந்து பேக் செய்ததும் முட்டுக்கட்டை உட்பட எல்லா மரத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அதைப் பார்த்த பிறகுதான் மீதிப் பணத்தை விடுகிறேன்.

மலைக்கு வருவோம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. நீள டிரெய்லரில் கண்டெய்னரை ஏற்றிக் கொண்டுவர நினைக்காதீர்கள். சென்னையிலேயே பிரித்து, காலிப் பெட்டியைக் கப்பல் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டால் அதற்கான வாடகை ஏறாது. மெஷினைத் திறந்த லாரியில் சேலம் வரை கொண்டுவந்து, கிரேன் வைத்துச் சின்ன லாரிக்கு மாற்றி மேலே ஏற்றுங்கள். கூடிய மட்டும் அக்டோபர் பத்துக்குள் இதை முடித்துவிடுங்கள், மழை வலுத்து மண் சரிந்தால் பாதையை அடைத்துவிடுவார்கள். அஸ்திவாரமும் மூன்று ஃபேஸ் லைனும் மெஷின் வருவதற்குள் தயாராக இருக்கட்டும்.

ஃபேக்டரி பின்தங்குவதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், “எல்லாம் சரியாகப் போகிறது” என்ற மின்னஞ்சலை வைத்து அல்ல. மோட்டார், கியர்பாக்ஸ் போன்றவற்றை அவர்களும் வெளியில்தான் வாங்குவார்கள். ஆறாவது வாரம் அவற்றின் பெயர்ப் பலகையைப் போட்டோ கேளுங்கள். வரவில்லை என்றால் 12 வாரம் 15 ஆகும் என்று எடுத்துக்கொண்டு கடைசி மூட்டையிலிருந்து மூன்று வாரத்தைக் கழித்துவிடுங்கள்.

மூட்டை ஆகஸ்டுக்குள் காலியாகிவிட்டால் பழைய பல்பரைச் சரிசெய்ய மெக்கானிக்கை உடனே வரச் சொல்லுங்கள். பறித்த பழத்தை அன்றே அரைக்க வேண்டும், இல்லையென்றால் தோல் நீக்கிப் பார்ச்மெண்ட் போடும் பழமும் தோலோடு செர்ரியாகக் காயும், விலை இறங்கும். எப்படியானாலும் புதியது ஒரு முழு நாள் ஓடி முடிக்கும்வரை பழையதைக் கழற்றாதீர்கள்.