பழைய கார்டை மூடினால் ஸ்கோர் எங்கே குறையும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

என்னிடம் மூன்று கிரெடிட் கார்டுகள் உள்ளன. அதில் 12 வருடப் பழைய கார்டை நான் தொடுவதே இல்லை. மூடிவிடலாமா? கிரெடிட் ஸ்கோர் குறையும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

குறைய வாய்ப்பு உண்டு. ஆனால் நண்பர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் கார்டின் வயதாகத்தான் இருக்கும். உடனடியாக உங்களைப் பாதிப்பது அதுவல்ல, பயன்பாட்டு விகிதம். எல்லா கார்டுகளிலும் சேர்த்து உங்களுக்குத் தரப்பட்டிருக்கும் லிமிட்டில் எவ்வளவு நிலுவையில் நிற்கிறது என்ற கணக்குதான் அது. கார்டை மூடியதும் அதன் லிமிட் இந்தக் கணக்கிலிருந்து போய்விடும். மற்ற கார்டுகளின் நிலுவை அப்படியே நிற்கும்.

நீங்கள் எழுதியனுப்பிய எண்களையே எடுத்துக்கொள்வோம். பழைய கார்டின் லிமிட் 2,00,000, நிலுவை ஒன்றும் இல்லை. இரண்டாவது கார்டின் லிமிட் 1,00,000, நிலுவை 45,000. மூன்றாவதன் லிமிட் 50,000, நிலுவை 15,000. மொத்த லிமிட் 3,50,000, மொத்த நிலுவை 60,000. விகிதம் சுமார் 17 சதவீதம். பழைய கார்டை மூடினால் லிமிட் 1,50,000 ஆகச் சுருங்கும். அதே 60,000 நிலுவைக்கு விகிதம் 40 சதவீதம் ஆகிவிடும். நீங்கள் கூடுதலாக ஒன்றும் செலவு செய்யவில்லை. ஆனாலும் கடன் கொடுப்பவர் கண்ணுக்கு, இருக்கும் லிமிட்டை அதிகமாகப் பயன்படுத்துகிறவராகத் தெரிவீர்கள்.

30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போதும் என்று பலரும் எழுதுகிறார்கள். அதை ஒரு சுவராக நினைக்க வேண்டாம். 29-க்கும் 31-க்கும் இடையில் மலையும் மடுவும் இல்லை. விகிதம் ஏற ஏற ஸ்கோர் இறங்கும், அவ்வளவுதான். மொத்த விகிதத்தோடு ஒவ்வொரு கார்டின் விகிதமும் தனியாகப் பார்க்கப்படுகிறது. உங்கள் இரண்டாவது கார்டு இப்போதே 45 சதவீதத்தில் நிற்கிறது. பழைய கார்டை மூடினாலும் மூடாவிட்டாலும், முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

ஆகவே என் பதில்: மூடலாம், இன்றைக்கு வேண்டாம். இரண்டாவது கார்டில் 30,000 கட்டிவிடுங்கள். மொத்த நிலுவை 30,000 ஆகும். அந்தக் குறைந்த நிலுவை உங்கள் கடன் அறிக்கையில் பதிவானதைப் பார்த்த பிறகு பழையதை மூடினால் விகிதம் 20 சதவீதத்தில் நிற்கும். இப்போது இருப்பதை விடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

மூடினால் 12 வருட வரலாறு முழுவதும் அழிந்துவிடாதா?

அழியாது. இந்தப் பயத்தால்தான் பலர் வேண்டாத கார்டுகளை வருடக்கணக்கில் சுமக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூடிய கணக்கு அறிக்கையிலிருந்து அன்றே மறைவதில்லை. மூடப்பட்டது என்ற குறிப்போடு, நீங்கள் ஒழுங்காகக் கட்டிய வரலாற்றையும் தாங்கிக்கொண்டு அங்கேயே இருக்கும். அமெரிக்க அறிக்கைகளில் பாக்கியில்லாமல் மூடிய கணக்கு 10 ஆண்டுகள் வரை நிற்கும். மற்ற நாடுகளில் இந்தக் காலம் வேறுபடும். அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஃபைகோ ஸ்கோர், மூடிய கணக்குகளையும் வயதுக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. மூடிய பிறகும் அவற்றின் வயது கூடிக்கொண்டே போகும்.

எண்களாகப் பார்ப்போம். உங்கள் கார்டுகளின் வயது 12, 4, 2 என்று வைத்துக்கொண்டால் சராசரி 6 வருடம். பழையதை மூடிய மறுநாளும் ஃபைகோ கணக்கில் அது 6 தான். அடுத்த வருடம் 7. பத்து வருடம் கழித்து அந்தக் கணக்கு அறிக்கையிலிருந்து விழும்போது, மற்ற இரண்டும் 14, 12 வயதை எட்டியிருக்கும். சராசரி 13. பழையது திறந்தே இருந்திருந்தால் 16 ஆகியிருக்கும். குறைவுதான், ஆனால் 13 வருடச் சராசரி யாருக்கும் நல்ல வரலாறுதான். இதற்கு நடுவில் புதுக் கார்டுகளை வரிசையாக வாங்கிக் குவித்தால் சராசரி இறங்கும் என்பது வேறு விஷயம்.

ஒரு எச்சரிக்கை. எல்லா ஸ்கோர் முறைகளும் இப்படிக் கணக்கிடுவதில்லை. மூடியவற்றை வயதுக் கணக்கிலிருந்து நீக்கிவிடும் முறையில் பார்த்தால், உங்கள் சராசரி உடனே 4, 2 இரண்டின் சராசரியான 3-க்கு வந்துவிடும். ஆகவே உங்களுக்குக் கடன் தரப்போகிறவர் எந்த ஸ்கோரைப் பார்க்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. எப்படியிருந்தாலும், ஃபைகோ வெளியிட்டுள்ள பொதுவான எடையில் வரலாற்றின் நீளத்துக்கு 15 சதவீதம்தான். பயன்பாட்டு விகிதம் அடங்கிய நிலுவைப் பிரிவுக்கு 30 சதவீதம்.

நான் மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறேன். எனக்கு விகிதம் பூஜ்யம்தானே? அப்படியானால் மூடினாலும் கவலையில்லையே?

பூஜ்யம் இல்லை. பெரும்பாலான வங்கிகள் ஸ்டேட்மென்ட் போடும் நாளில் நிற்கும் நிலுவையைத்தான் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்புகின்றன. நீங்கள் அதற்குப் பிறகு, கடைசித் தேதிக்கு முன் கட்டுகிறீர்கள். வட்டி ஒரு காசும் வராது. ஆனால் அறிக்கையில் அந்த மாதச் செலவு முழுவதும் நிலுவையாகத்தான் தெரியும்.

இதைச் சரிபார்ப்பது எளிது. உங்கள் கடன் அறிக்கையை எடுத்து, அந்தக் கார்டுக்கு எதிரே இருக்கும் தொகையை உங்கள் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், ஸ்டேட்மென்ட் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடுங்கள். பழைய கார்டை மூடிய பிறகும் விகிதம் ஏறாமல் பார்த்துக்கொள்ள இது ஒன்றே பலருக்குப் போதும்.

இரண்டு மாதத்தில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். அதற்கு முன் கார்டுகளைக் குறைத்துக்கொண்டால் நல்ல பெயர் கிடைக்குமா?

கிடைக்காது. கடன் கைக்கு வரும்வரை எந்தக் கார்டையும் மூடாதீர்கள், புதிதாக எதற்கும் விண்ணப்பிக்காதீர்கள். அனுமதி கிடைத்த பிறகும் பணம் வழங்குமுன் சில நிறுவனங்கள் அறிக்கையை மறுபடி பார்ப்பதுண்டு.

பழைய கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் அதிகம். ஸ்கோருக்காக அதைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா?

வேண்டாம். பயனே இல்லாத கார்டுக்கு வருடா வருடம் பணம் கொடுத்து ஸ்கோரைக் காப்பாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் மூடுவதற்கு முன் வங்கியிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்.

ஒன்று, இதே கணக்கைக் கட்டணமில்லாத கார்டாக மாற்றித் தர முடியுமா என்பது. அப்படி மாற்றும்போது பெரும்பாலும் கணக்கு தொடங்கிய தேதியும் லிமிட்டும் அப்படியே தொடரும். புதுக் கணக்காகத் திறந்து பழையதை மூடும் முறை என்றால் அந்த நன்மை கிடைக்காது. அதனால் தொடக்கத் தேதி மாறுமா என்று வெளிப்படையாகவே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, அதே வங்கியில் இன்னொரு கார்டு இருந்தால், பழையதன் லிமிட்டை அதற்கு மாற்றித் தருவார்களா என்பது. முதல் கேள்வியில் பார்த்த எண்களில், பழைய கார்டின் லிமிட்டிலிருந்து 1,00,000-ஐ இரண்டாவது கார்டுக்கு மாற்றிவிட்டு மூடினால், மீதமுள்ள மொத்த லிமிட் 2,50,000 ஆகும். நிலுவை 60,000 அப்படியே இருந்தாலும் விகிதம் 40-க்குப் பதிலாக 24 சதவீதம்தான். இரண்டாவது கார்டின் தனி விகிதமும் 45-லிருந்து 22.5 ஆக இறங்கும். எல்லா வங்கிகளும் இதைச் செய்வதில்லை. சம்மதித்தால் மாற்றம் முடிந்ததை ஸ்டேட்மென்ட்டில் பார்த்த பிறகே மூடச் சொல்லுங்கள். மூடிய பிறகு கேட்டால் மாற்ற லிமிட்டே இருக்காது.

ஏற்கெனவே மூடிவிட்டேன். ஸ்கோர் சட்டென்று இறங்கிவிட்டது. நிரந்தரமா?

விகிதத்தால் இறங்கியதென்றால் நிரந்தரமில்லை. பெரும்பாலான ஸ்கோர் முறைகள் கடைசியாகப் பதிவான நிலுவையை மட்டுமே பார்க்கின்றன. நிலுவையைக் குறைத்து, அது அறிக்கையில் ஏறியதும் ஸ்கோர் மீளும். ஃபைகோ 10டி, வான்டேஜ்ஸ்கோர் 4.0 போன்ற சில புதிய முறைகள் முந்தைய மாதங்களின் போக்கையும் பார்க்கின்றன. அவற்றில் மீள்வதற்குக் கொஞ்சம் கூடுதல் காலம் ஆகலாம்.

இறங்கியதைப் பார்த்துப் பதறி, லிமிட்டைக் கூட்டுவதற்காகப் புதுக் கார்டுக்கு விண்ணப்பிக்காதீர்கள். அதனால் நீங்கள் புதுக் கடன் கேட்டதாக அறிக்கையில் ஒரு விசாரணைப் பதிவும் சேரும், சராசரி வயதும் குறையும்.

மூடுவது என்று முடிவெடுத்துவிட்டேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

இதுவரை பேசியதை விடப் பெரிய சேதம் இங்கேதான் நடக்கிறது. கார்டை மூடியதால் வரும் இறக்கம் சிறிது, மீளக்கூடியது. மூடிவிட்டோம் என்று நினைத்து மறந்த ஒரு சின்னப் பாக்கி, தவணை தவறியதாகப் பதிவானால் அது பல வருடம் நிற்கும்.

அந்தப் பாக்கி எப்படி வருகிறது? முந்தைய மாதங்களில் முழுத்தொகை கட்டாமல் விட்டிருந்தால், ஸ்டேட்மென்ட் நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அடுத்த ஸ்டேட்மென்ட்டில்தான் வரும். கார்டில் இணைத்துவைத்த மாதச் சந்தாவோ காப்பீட்டுத் தவணையோ தானாகக் கழிவதும் உண்டு. ஆகவே முதலில் அந்தத் தானியங்கிக் கட்டணங்களை வேறு கார்டுக்கு மாற்றுங்கள். சேர்ந்திருக்கும் ரிவார்டு புள்ளிகளைப் பயன்படுத்திவிடுங்கள், மூடினால் பல கார்டுகளில் அவை போய்விடும். பிறகு நிலுவையைக் கட்டி, ஒரு ஸ்டேட்மென்ட் பூஜ்யமாக வரும்வரை காத்திருங்கள். அதன்பின் மூடும் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கி வையுங்கள்.

ஓரிரு மாதம் கழித்துக் கடன் அறிக்கையைப் பாருங்கள். அந்தக் கணக்கு மூடப்பட்டதாகவும் நிலுவை பூஜ்யமாகவும் இருக்க வேண்டும். இன்னும் திறந்திருப்பதாகவோ தொகை நிற்பதாகவோ காட்டினால், கையிலிருக்கும் கடிதத்தை இணைத்துக் கடன் தகவல் நிறுவனத்திடம் திருத்தம் கோருங்கள்.

இருப்பதே ஒரு கார்டுதான். அதையும் மூடலாமா?

வேறு கடன் ஏதும் ஓடவில்லை என்றால் யோசியுங்கள். ஃபைகோ ஸ்கோர் கணக்கிட, கடந்த 6 மாதத்துக்குள் ஏதாவது ஒரு கணக்கு பற்றிய தகவல் அறிக்கையில் பதிவாகியிருக்க வேண்டும். ஒரே கார்டையும் மூடிவிட்டால் புதுத் தகவல் வருவது நின்று, சில மாதத்தில் ஸ்கோரே இல்லாமல் போகலாம். கட்டணம் இல்லாத கார்டு என்றால் வைத்துக்கொண்டு, சில மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது சிறு தொகைக்குப் பயன்படுத்திக் கட்டிவிடுங்கள். நீண்ட நாள் தொடாமலே விட்டால் வங்கியே மூடிவிடக்கூடும்.