நீங்கள் இதுவரை ஏற்றாத படம் ‘முன்பே நீக்கப்பட்டது’ என்று ஏன் மறுக்கப்படுகிறது?

கேள்வி: எங்கள் ஊர்த் தெருக்கூத்துக் கலைஞர் ஒருவரை நானே படம் எடுத்தேன். விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றப் போனால், ‘இதே கோப்பு முன்பே ஏற்றப்பட்டு நீக்கப்பட்டது’ என்று மறுக்கிறது. நான் இதற்குமுன் ஏற்றியதே இல்லை. கோப்பின் பெயரை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் கண்டுபிடித்துவிடுகிறது. கலைஞரின் மகன் விக்கிப்பீடியா பக்கம் எழுதித் தருவதாகச் சொன்ன ஓர் ஏஜெண்டிடம் என் படத்தைக் கொடுத்திருந்தார். அதனால் இருக்குமா? இப்போது என்ன செய்வது?

பதில்: அதனால்தான். நீங்கள் ஏற்றவில்லை என்றால், கோப்பைக் கையில் வைத்திருந்த ஏஜெண்டுதான் ஏற்றியிருக்க வேண்டும். இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், பொதுவகம் கோப்பை அடையாளம் காணும் முறை.

இதற்கு அது பெயரைப் பார்ப்பதே இல்லை. கோப்பு வந்து சேர்ந்ததும் அதன் உள்ளடக்கம் முழுவதையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒரு கணக்குக்குள் செலுத்துகிறது. எஸ்.எச்.ஏ.-1 என்ற அந்தக் கணக்கின் விடை, எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும் ஒரே நீளம்தான்: எண்ணும் எழுத்தும் கலந்த 40 குறிகள். பத்திரப் பதிவில் பெருவிரல் ரேகை போல, அந்தக் கோப்புக்கு அது கைரேகை. முன்பு வந்த எல்லாக் கோப்புகளின் கைரேகைகளோடும் ஒப்பிட்டு, ஒன்று பொருந்தினாலும் நிறுத்திவிடுகிறது. உங்கள் வீட்டு விண்டோஸ் கணினியிலேயே, படம் இருக்கும் கோப்புறையில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, koothu.jpg என்ற இடத்தில் உங்கள் கோப்பின் பெயரை இட்டு இதைச் சோதிக்கலாம்:

```
certutil -hashfile koothu.jpg SHA1
```

ஒருமுறை ஓட்டி விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். படத்தின் பெயரை மாற்றிவிட்டு, கட்டளையிலும் புதிய பெயரை இட்டு மீண்டும் ஓட்டுங்கள்; அதே விடை வரும். பிறகு படத்தின் பிரதி ஒன்றை எடுத்து, வலப்பக்கம் திருப்பிச் சேமித்து, அதை ஓட்டிப் பாருங்கள். விடை முற்றிலும் வேறாக மாறியிருக்கும். கண்ணுக்கு அதே கூத்துக்காரர்தான், கணக்குக்கோ வேறு ஆள்.

‘நீக்கப்பட்ட படத்தின் ரேகை எப்படி மிஞ்சியது?’ என்று நீங்கள் யோசிக்கலாம். அங்கே நீக்குவது என்றால் அழிப்பது அல்ல, பரணில் போட்டுப் பூட்டுவது. படம் பொதுமக்கள் பார்வையிலிருந்து போய்விடும். நிர்வாகிகள் மட்டும் எடுத்துப் பார்க்கலாம். ரேகையும் அங்கேயே இருக்கும். உங்களுக்கு இது நல்ல செய்தி. பரணில் இருப்பதை இறக்கிவிட முடியும்.

இப்போது ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, புதிதாக எழுதி, கேமரா பதிந்த விவரங்களையும் உதிர்த்துவிடும். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்வது வேறு கைரேகை கொண்ட வேறு கோப்பு. ஃபேஸ்புக்கிலிருந்து இறக்கிய படமும் அப்படியே. அதே வாட்ஸ்அப்பில் ‘டாக்குமெண்ட்’ என்று தேர்ந்து அனுப்பினால் கோப்பு எழுத்து மாறாமல் போகும். பென் டிரைவிலும், மின்னஞ்சல் இணைப்பிலும் மாறாமல் போகும். உங்கள் படத்தின் ரேகை அப்படியே பொருந்தியிருக்கிறது. ஆகவே ஏஜெண்டிடம் போனது சுருங்கிய பிரதி அல்ல, உங்கள் மூலக் கோப்பே. ஏஜெண்டிடம் படத்தை எப்படிக் கொடுத்தார் என்று மகனிடம் கேளுங்கள். கோப்பு மாறாமல் போகும் இதுபோன்ற ஒரு வழியைத்தான் சொல்வார்.

இனி, அது ஏன் நீக்கப்பட்டது? மறுப்புச் செய்தியில் பழைய கோப்பின் பெயர் இருக்கும். அதைச் சொடுக்கினால் நீக்கல் பதிவு வரும். அதில் தேதி, நீக்கிய நிர்வாகி, காரணம் மூன்றும் இருக்கும். காரணம் பெரும்பாலும் ‘அனுமதி இல்லை’ என்பதாகவே இருக்கும். இந்த ஏஜெண்டுகள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். அடுத்தவர் எடுத்த படத்தை ‘சொந்தப் படைப்பு’ என்று குறித்து ஏற்றிவிடுகிறார்கள். கோப்புப் பக்கத்தின் அடியில் கேமரா விவரங்கள் ஓர் அட்டவணையாக வரும். உங்கள் கேமராவில் உங்கள் பெயரைப் பதிந்துவைத்திருந்தால், அங்கே ‘ஆசிரியர்’ என்ற வரியில் உங்கள் பெயர், மேலே ஏற்றியவர் பெயர் வேறு. பார்த்த தன்னார்வலர் அனுமதி கேட்டுக் குறிப்பு வைப்பார். 7 நாளில் பதில் வராவிட்டால் படம் போய்விடும். ஏஜெண்டு பணத்தை வாங்கிக்கொண்டு எப்போதோ அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். விக்கிப்பீடியாவில் பக்கத்துக்கு உத்தரவாதம் தர எவராலும் முடியாது. பணம் பெற்று எழுதுபவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி. அறிவிக்காமல் எழுதுபவர் வாடிக்கையாளரையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டிவிடுகிறார். ‘நான் நிர்வாகி, நீக்கிய படத்தை மீட்டுத் தருகிறேன், இவ்வளவு ஆகும்’ என்று யாராவது அழைத்தால் உடனே தொடர்பைத் துண்டியுங்கள். மீட்பதற்குக் கட்டணமே கிடையாது.

இன்னொரு பொறியும் உண்டு. ‘ஓரத்தில் சிறிது வெட்டிவிட்டு ஏற்றுங்கள், கண்டுபிடிக்காது’ என்று சொல்வார்கள். எந்திரம் கண்டுபிடிக்காது, உண்மைதான். ஆனால் முன்பு நீக்கிய படமே மீண்டும் வந்திருக்கிறது என்று ஒரு மனிதர் கண்டுபிடிப்பார். அப்போது எச்சரிக்கை உங்கள் கணக்கில் விழும். உரிமையாளரே திருடன் போல நிற்க வேண்டி வரும். வேண்டாம்.

நேர்வழி மின்னஞ்சல்தான். `permissions-commons@wikimedia.org` என்ற முகவரிக்கு எழுதுங்கள். நீக்கப்பட்ட கோப்பின் பெயரை அப்படியே குறிப்பிடுங்கள். படம் எடுத்தது நீங்கள் என்றும், CC BY-SA 4.0 உரிமத்தில் வெளியிடுகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். பொதுவகத்திலேயே இதற்கான மாதிரிக் கடிதம் இருக்கிறது. அதன் வாசகங்களை மாற்றாதீர்கள். ‘விக்கிப்பீடியா மட்டும் பயன்படுத்தலாம்’ என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள். இந்த உரிமத்தில் யாரும், வணிகத்துக்கும்கூட, உங்கள் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம்; கொடுத்த பிறகு திரும்பப் பெற முடியாது. அதற்கு மனம் ஒப்பாவிட்டால் இங்கேயே நின்றுவிடுங்கள்.

கடிதத்தைக் கலைஞரின் மகன் அனுப்பிப் பயனில்லை. படத்தில் இருப்பவர் குடும்பம் அல்ல, எடுத்தவர் எழுத வேண்டும். நீங்கள் எடுத்ததற்குச் சான்றாக, அதே காட்சியில் முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களையோ, கேமராவின் மூலப் பதிவையோ இணைத்தால் கேள்வி குறையும்.

மறுப்புச் செய்தியிலேயே இந்த முகவரியை ஒரு வரியில் சேர்த்திருக்கலாம். ‘முன்பே நீக்கப்பட்டது’ என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்துவது எனக்கு இன்றுவரை எரிச்சல் தருகிறது. நீக்கல் காரணமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கக் குறியீடுகளில் இருக்கும். முதல்முறை வரும் கிராமத்துப் புகைப்படக்காரர் அதை எப்படிப் புரிந்துகொள்வார்? இப்படிக் கைவிட்டுப் போனவர்களின் படங்கள் எத்தனையோ பரணில் கிடக்கின்றன.

கடிதத்துக்குப் பதிலாக ஒரு டிக்கெட் எண் வரும். படிப்பவர்கள் தன்னார்வலர்கள், நாளாகும். பொறுமை இழந்து புதிதாக இன்னொரு கடிதம் எழுதினால் அது தனிக் கோரிக்கையாகப் போய் இரண்டும் தாமதமாகும். நினைவூட்ட வேண்டுமென்றால், தலைப்பில் உள்ள எண்ணை மாற்றாமல் அதே கடிதத்துக்குப் பதில் அனுப்புங்கள். ஏற்கப்பட்டால் பழைய கோப்பையே பரணிலிருந்து இறக்கி, ஆசிரியர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதுவார்கள். நீங்கள் மறுபடி ஏற்ற வேண்டியதில்லை.